+250, 5/2, 3.50... மூணுமே ஒரே ரேட்தான்! 'ஆட்ஸ்' எண்களைப் படிப்பது எப்படி?

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கும்போதும், அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதும், ஆஸ்கர் விழாவுக்கு முந்தைய வாரத்திலும் வெளிநாட்டுச் செய்திகளில் ஒரு எண் தவறாமல் தலைகாட்டும். பிரிட்டன் நாளிதழ் ஒன்று 'இந்த அணிக்கு 5/2' என்று எழுதும். ஐரோப்பிய, ஆஸ்திரேலியத் தளங்களில் அதே அணிக்கு 3.50 என்று இருக்கும். அமெரிக்க டிவி திரையின் ஓரத்தில் +250 என்று ஓடும். பார்க்கிறவருக்கு மூன்றும் மூன்று விதமான தகவல் போலத் தோன்றும். உண்மையில் மூன்றும் ஒரே விலை. அந்த அணி ஜெயிக்க சுமார் 28.6 சதவீதம் வாய்ப்பு என்பதுதான் மூன்று எண்களும் சொல்ல வருவது.

இந்த எண்கள் சமீப ஆண்டுகளில் ஏன் இவ்வளவு கண்ணில் படுகின்றன? 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பெரும்பாலான மாகாணங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வைத்திருந்த 1992-ம் ஆண்டு சட்டத்தை அது ரத்து செய்தது. அதன்பிறகு ஒவ்வொரு மாகாணமாக அனுமதி கொடுக்க, பிளஸ், மைனஸ் எண்கள் விளையாட்டு ஒளிபரப்புக்குள்ளேயே வந்துவிட்டன. இந்தியாவில் கதை வேறு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை விதிக்கிறது. ஆனாலும் செய்தியில் வருகிற எண்ணைப் புரிந்துகொள்ள பந்தயம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை, கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஸ்கோர்போர்டில் தெரிந்த மூன்று எண்கள்

கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஆட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 1981 ஜூலை, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள ஹெடிங்லி மைதானம். ஆஷஸ் தொடரின் மூன்றாவது டெஸ்ட். ஆஸ்திரேலியா 9 விக்கெட்டுக்கு 401 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. இங்கிலாந்து 174-க்கு ஆல் அவுட். 227 ரன் பின்தங்கி ஃபாலோ-ஆன்.

அந்த நேரத்தில் லாட்பிரோக்ஸ் என்ற பிரிட்டன் பந்தய நிறுவனத்தின் ஆட்ஸ் மைதானத்தின் ஸ்கோர்போர்டிலேயே காட்டப்பட்டது. ஆஸ்திரேலியா ஜெயிக்க 1/4. டிரா ஆக 5/2. இங்கிலாந்து ஜெயிக்க 500/1. ரேட் போட ஆலோசனை சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. இங்கிலாந்தின் முன்னாள் விக்கெட் கீப்பர் காட்ஃப்ரே எவன்ஸ்.

500/1-ஐப் பார்த்துவிட்டு, எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த டென்னிஸ் லில்லியும் ராட் மார்ஷும் சும்மா இருக்க முடியாமல் அணியின் பஸ் டிரைவர் மூலமாக இங்கிலாந்து மேல் பணம் கட்டினார்கள். லில்லி 10 பவுண்ட், மார்ஷ் 5 பவுண்ட். இருவரும் வேண்டுமென்றே தோற்றார்கள் என்று யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு வீரர் இப்படிச் செய்தால் தடை நிச்சயம்.

இந்த மூன்று எண்களை வைத்தே மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

பின்னம்: இடது பக்கம் லாபம், வலது பக்கம் முதல்

5/2 என்பதை 'ஐந்துக்கு இரண்டு' என்று படிக்கிறார்கள். கோட்டுக்கு வலது பக்கம் இருப்பது நீங்கள் கட்டுகிற பணம். இடது பக்கம் இருப்பது ஜெயித்தால் கிடைக்கிற லாபம். அதாவது 2 பவுண்ட் கட்டினால் 5 பவுண்ட் லாபம். கட்டின 2 பவுண்டும் திரும்ப வரும். ஆக கையில் வருவது 7 பவுண்ட்.

அந்த 'கட்டின பணமும் திரும்ப வரும்' என்ற இடத்தில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பின்ன ஆட்ஸ் லாபத்தை மட்டும்தான் சொல்லும். முதலைச் சேர்க்காது. லில்லி, மார்ஷ் இருவரும் 7,500 பவுண்ட் ஜெயித்ததாகத்தான் எல்லா இடத்திலும் எழுதப்படுகிறது. அது லாபம் மட்டும். லில்லியின் 10 பவுண்டுக்கு 500 மடங்கு, அதாவது 5,000. மார்ஷின் 5 பவுண்டுக்கு 2,500. கட்டின 15 பவுண்டையும் சேர்த்தால் வர வேண்டியது 7,515.

ஆஸ்திரேலியாவின் 1/4-ஐயும் இதே மாதிரி படிக்க வேண்டும். 4 பவுண்ட் கட்டினால் 1 பவுண்ட் லாபம். ஜெயிப்பது கிட்டத்தட்ட உறுதி என்று நினைக்கிற அணிக்கு யாரும் அள்ளிக் கொடுக்க மாட்டார்கள், இல்லையா? இடது எண் சின்னதாகவும் வலது எண் பெரியதாகவும் இருந்தால் அந்த அணி ஃபேவரைட். திருப்பிப் படித்து 4/1 என்று எடுத்துக்கொண்டால் 80 சதவீத வாய்ப்பு 20 சதவீதமாக மாறிவிடும். அவசரமாக மொழிபெயர்க்கிற செய்திகளில் இந்தத் தவறு நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

தசமம்: எல்லாம் சேர்த்து ஒரே எண்

தசம ஆட்ஸ் இன்னும் சுலபம். ஒரு ரூபாய் கட்டினால் மொத்தமாகக் கையில் எவ்வளவு வரும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. முதலும் அதற்குள்ளேயே அடக்கம். 3.50 என்றால் 1 ரூபாய்க்கு 3 ரூபாய் 50 பைசா. 10 ரூபாய் கட்டியிருந்தால் 35 ரூபாய் வரும், அதில் லாபம் 25.

பின்னத்தைத் தசமமாக்க, இடது எண்ணை வலது எண்ணால் வகுத்து 1 கூட்டினால் முடிந்தது. அந்த 1-தான் திரும்பி வருகிற முதல். 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2.5, ஒன்று கூட்டினால் 3.50. ஆஸ்திரேலியாவின் 1/4 என்பது 0.25 கூட்டல் 1, ஆக 1.25. இங்கிலாந்தின் 500/1 என்பது 501.00.

தசமத்திலிருந்து பின்னத்துக்குப் போக 1-ஐக் கழித்து, மிச்சத்தைப் பின்னமாக எழுத வேண்டும். 3.50-இல் 1 போனால் 2.50, அதாவது 5/2.

அந்த 1-ஐ மறந்தால் என்ன ஆகும்? 5/2-ஐ நேராக வகுத்து 2.50 என்று எழுதிவிடுவோம். ஆனால் 2.50 என்பது 3/2-க்குச் சமமான வேறொரு விலை. 5/2-இன் வாய்ப்பு 28.57 சதவீதம், 2.50-இன் வாய்ப்பு 40 சதவீதம். பார்க்கச் சின்னத் தவறுதான், வித்தியாசம் 11 புள்ளிக்கு மேல்.

நம்ம ஊரில் ஐபிஎல் சூதாட்டக் கைது செய்திகளில் '80 பைசா ரேட்' என்று வருமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். 1 ரூபாய்க்கு 80 பைசா லாபம் என்பது அதன் பொருள். பின்னத்தில் 80/100, சுருக்கினால் 4/5. தசமத்தில் 1.80.

அமெரிக்கன்: பிளஸ் ஒரு கணக்கு, மைனஸ் இன்னொரு கணக்கு

மூன்றில் அதிகம் குழப்புவது இதுதான். காரணம், குறி மாறினால் கேள்வியே மாறிவிடும்.

பிளஸ் என்றால் கேள்வி இது: 100 டாலர் கட்டினால் லாபம் எவ்வளவு? +250 என்றால் 250 டாலர் லாபம். மைனஸ் என்றால் கேள்வி தலைகீழ்: 100 டாலர் லாபம் வேண்டுமென்றால் எவ்வளவு கட்ட வேண்டும்? -400 என்றால் 400 டாலர் கட்ட வேண்டும். மைனஸைப் பார்த்து 'நஷ்டம்' என்று நினைத்துவிடக் கூடாது. அது ஃபேவரைட்டின் அடையாளம், அவ்வளவுதான்.

தசமத்துக்கு மாற்றுவது எப்படி? பிளஸ் எண்ணை 100-ஆல் வகுத்து 1 கூட்ட வேண்டும். +250 என்பது 2.5 கூட்டல் 1, ஆக 3.50. மைனஸ் என்றால் 100-ஐ அந்த எண்ணால் வகுத்து 1 கூட்ட வேண்டும். -400 என்பது 0.25 கூட்டல் 1, ஆக 1.25. ஹெடிங்லி பலகை அமெரிக்காவில் இருந்திருந்தால் ஆஸ்திரேலியா -400, டிரா +250, இங்கிலாந்து +50000 என்று எழுதியிருப்பார்கள்.

திரும்பி வருகிற வழியில் 2.00 என்ற எண்தான் எல்லைக்கல். தசமம் 2.00 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1-ஐக் கழித்து 100-ஆல் பெருக்கி பிளஸ் போட வேண்டும். 2.00-க்குக் கீழே இருந்தால் 1-ஐக் கழித்து, 100-ஐ அந்த மிச்சத்தால் வகுத்து மைனஸ் போட வேண்டும். மேலே பார்த்த 1.80-ஐ எடுத்தால், மிச்சம் 0.80. நூறை அதனால் வகுத்தால் 125. ஆக -125. சரியாக 2.00 என்பது பின்னத்தில் 1/1, அமெரிக்கக் கணக்கில் +100. இரு பக்கமும் சம வாய்ப்பு. +100-க்கும் -100-க்கும் நடுவில் +60, -45 மாதிரி எண்கள் இந்த முறையில் வரவே வராது. எங்காவது பார்த்தால் அது ஆட்ஸ் இல்லை, அல்லது தட்டச்சுப் பிழை.

ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவ முயன்றால் ஆறு சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டும். எதுவாக இருந்தாலும் முதலில் தசமத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை பாதியாகும்.

சதவீதம் எங்கிருந்து வருகிறது?

1-ஐத் தசம ஆட்ஸால் வகுத்தால் கிடைப்பதைத்தான் உள்ளுறை நிகழ்தகவு என்கிறார்கள். அந்த விலைக்குள் ஒளிந்திருக்கிற வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 1-ஐ 3.50-ஆல் வகுத்தால் 0.2857, அதாவது 28.57 சதவீதம்.

ஏன் வகுக்க வேண்டும்? ஒருவர் 5/2 விலையில் ஏழு முறை, ஒவ்வொரு முறையும் 1 பவுண்ட் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 7 பவுண்ட். அதில் இரண்டு முறை ஜெயித்தால் தலா 3.50 வீதம் 7 பவுண்ட் வரும். போட்டதும் வந்ததும் சமம். ஏழில் இரண்டு என்பதுதான் 28.57 சதவீதம். ஆக இந்த எண்ணின் உண்மையான பொருள், 'இந்த விலையில் கட்டுகிறவர் நஷ்டமில்லாமல் தப்பிக்க எத்தனை சதவீதம் ஜெயிக்க வேண்டும்' என்பது. ஆட்டம் எப்படி முடியும் என்ற ஜோசியம் இல்லை.

பின்னத்திலேயே நேராகப் போடவும் வழி உண்டு. வலது எண்ணை, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு 1-ம் 4-ம் சேர்ந்து 5, அதில் 4, ஆக 80 சதவீதம். இங்கிலாந்துக்கு 501-இல் 1, சுமார் 0.2 சதவீதம். மைனஸ் ஆட்ஸ் என்றால் அந்த எண்ணை, அதோடு 100 சேர்த்த தொகையால் வகுக்க வேண்டும். 400-ஐ 500-ஆல் வகுத்தால் அதே 80.

100 சதவீதம்தானே வரணும், 108 எப்படி?

இப்போது மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஆஸ்திரேலியா 80, டிரா 28.57, இங்கிலாந்து 0.20. மொத்தம் 108.77 சதவீதம். ஒரு டெஸ்ட் மேட்சில் நடக்கக்கூடியது நடைமுறையில் இந்த மூன்றில் ஒன்றுதான். வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்ட முடியாது. அப்படியானால் அந்த 8.77 எங்கிருந்து வந்தது?

அதுதான் பந்தய நிறுவனத்தின் கூலி. மூன்று பேர் பணம் கட்டுகிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளலாம். யார் ஜெயித்தாலும் 1,000 பவுண்ட் கைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆஸ்திரேலியா மேல் கட்டுகிறவர் 800 பவுண்ட் போட வேண்டும். டிராவுக்கு 286 பவுண்ட். இங்கிலாந்துக்கு வெறும் 2 பவுண்ட். நிறுவனத்தின் கல்லாவில் சேர்ந்தது 1,088 பவுண்ட். முடிவு எதுவாக இருந்தாலும் வெளியே போவது சுமார் 1,000. மிச்சம் 88 பவுண்ட். ஆட்டத்தில் யார் ஜெயித்தால் என்ன?

நிஜத்தில் பணம் இவ்வளவு அழகாகப் பிரிந்து வருவதில்லை. ஒரே பக்கம் பணம் குவிந்தால் நிறுவனத்துக்கும் அடி விழும். அதனால்தான் ஆட்ஸ் நிமிடத்துக்கு நிமிடம் மாற்றப்படுகிறது. ஆனாலும் விலைகளைப் போடும்போதே இந்தக் கூடுதல் உள்ளே வைக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் இரண்டு பக்கமும் சம வாய்ப்பு என்று கருதப்படும் பந்தயங்களுக்குக்கூட +100 கொடுக்க மாட்டார்கள். வழக்கமாக இரு பக்கமும் -110 என்று இருக்கும். ஒவ்வொன்றும் 52.38 சதவீதம், கூட்டினால் 104.76.

ஆகவே ஒரு செய்தியில் 'ஆட்ஸ்படி இவருக்கு 52 சதவீத வாய்ப்பு' என்று வந்தால், எதிராளிக்கு 48 என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. எதிராளியின் எண்ணையும் பார்க்க வேண்டும். அவருக்கும் 52 இருக்கலாம்!

கூலியை நீக்கிவிட்டுப் பார்க்க எளிய வழி, ஒவ்வொரு சதவீதத்தையும் மொத்தத்தால் வகுப்பது. 80-ஐ 108.77-ஆல் வகுத்தால் ஆஸ்திரேலியாவுக்கு 73.55 சதவீதம். டிரா 26.27. இங்கிலாந்து 0.18. இப்போது கூட்டினால் சரியாக 100.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இப்படி வகுக்கும்போது, கூலி மூன்று பக்கமும் ஒரே விகிதத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எப்போதும் அப்படி இருப்பதில்லை. வாய்ப்பே இல்லாத குதிரை மேல் ஆசைப்பட்டுக் கட்டுகிறவர்கள் எப்போதும் உண்டு என்பதால், அந்தக் கடைசிக் குதிரைகளின் விலையில் கூலி அதிகமாகப் பூசப்பட்டிருக்கும். குதிரைப் பந்தயக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இது. ஆகவே ஃபேவரைட்டின் சதவீதத்தை நம்புகிற அளவுக்கு, 500/1 மாதிரி கோடியில் இருக்கிற எண்களின் சதவீதத்தை நம்ப முடியாது. அங்கே 0.18-ஆ, 0.05-ஆ, 1-ஆ என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. 2015-16 சீசன் தொடக்கத்தில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் கோப்பைக்கு லெஸ்டர் சிட்டி அணிக்கு 5000/1 கொடுக்கப்பட்டது. கணக்குப்படி 0.02 சதவீதம். லெஸ்டர் கோப்பையைத் தூக்கியது. அந்த 5000-ஐ யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டியதில்லை, 'நடக்காது' என்பதற்குப் போட்ட ஒரு பெரிய எண் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

ஆட்ஸ் 'பாதியாகச் சரிந்தது' என்றால்?

செய்திகளில் அடிக்கடி வருகிற வாக்கியம் இது. ஒரு வேட்பாளரின் ஆட்ஸ் 10/1-லிருந்து 5/1-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். கேட்கப் பெரிய திருப்பம் போல இருக்கும். சதவீதத்தில் பார்த்தால் 9.09-லிருந்து 16.67. ஏறியது ஏழரைப் புள்ளி. இன்னொருவரின் ஆட்ஸ் 1/2-லிருந்து 1/4-க்குப் போகிறது. எண்ணைப் பார்த்தால் கால் பங்குதான் நகர்ந்திருக்கிறது. சதவீதத்தில் 66.67-லிருந்து 80, அதாவது பதிமூன்று புள்ளிக்கு மேல். பெரிய செய்தி இரண்டாவதுதான். தலைப்பில் வருவது பெரும்பாலும் முதலாவது.

ஹெடிங்லியில் என்ன ஆனது என்பது ஊரறிந்த விஷயம். இரண்டாவது இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 135 என்று தத்தளித்த இங்கிலாந்தை இயன் போத்தம் 149 ரன் எடுத்து, ஆட்டமிழக்காமல் தூக்கி நிறுத்தினார். 130 ரன் இலக்கைத் துரத்திய ஆஸ்திரேலியா 111-க்குச் சுருண்டது. பாப் வில்லிஸ் 43 ரன் கொடுத்து 8 விக்கெட். இங்கிலாந்து 18 ரன்னில் வெற்றி. தோற்ற அணியின் லில்லிக்கும் மார்ஷுக்கும் 7,500 பவுண்ட் லாபம்.